வரியை எங்கே உடைப்பது?

போன வாரம் வியாழக்கிழமை இரவு ஒன்பது மணிக்கு இண்டூரிலிருந்து என் அண்ணன் மகள் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினாள். கூடவே ஒரு குரல் பதிவு: "அத்தே, எங்க மூணாங்கிளாஸ் டீச்சர் ரிடையர் ஆகறாங்க. பழைய பசங்க எல்லாம் சேர்ந்து பிளெக்ஸ் வைக்கிறோம். காலையில பிரிண்டுக்குக் கொடுக்கணும். எழுத்துப்பிழை இருக்கான்னு மட்டும் பாத்துச் சொல்லுங்க."

எழுத்துப்பிழை ஒன்றுகூட இல்லை. ஆனாலும் அந்த பேனரைப் பார்த்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

அந்த டீச்சர் பெற்றோர் கூட்டத்தில் அடிக்கடி சொல்லும் ஒரு வாக்கியம் உண்டாம். பையன் சரியாகப் படிப்பதில்லை என்று யாராவது குறைப்பட்டால் அதைத்தான் சொல்வாராம். அதையே பேனரின் நடுவில் போட வேண்டும் என்பது பிள்ளைகளின் ஆசை. நல்ல ஆசை. பிளெக்ஸ் கடையிலிருந்து வந்த டிசைனில் அது இப்படி இருந்தது:

என் வகுப்பில் மக்குப் பிள்ளை
என்று ஒருவரும் இருந்ததில்லை எனக்குச்
சொல்லத் தெரியாத
பாடங்கள்தான் இருந்தன

முதல் வரி மட்டும் மற்றவற்றைப் போல இரண்டு மடங்கு பெரிதாக, மஞ்சள் எழுத்தில், சிவப்பு ஓரம் கட்டி. பக்கத்திலேயே டீச்சரின் சிரித்த முகம். வாக்கியத்துக்குக் கீழே யார் பெயரும் இல்லை. கொஞ்சம் தள்ளி, அதே அளவு எழுத்தில், 'இவண்: முன்னாள் மாணவர்கள்'.

தருமபுரியிலிருந்து பென்னாகரம் போகிற பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பவர் இதைப் பார்த்தால் என்ன படிப்பார்? பஸ் ஓடுகிற வேகத்தில் கண்ணில் படுவது பெரிய எழுத்தும் படமும்தான். "என் வகுப்பில் மக்குப் பிள்ளை" என்று ஒரு டீச்சர் படத்துக்குப் பக்கத்தில் எழுதியிருக்கிறது. கீழே முன்னாள் மாணவர்கள் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். முப்பது வருடம் கழித்துப் பழி தீர்க்கிறார்கள் என்று நினைத்தாலும் நினைப்பார்.

நின்று நிதானமாகப் படிப்பவருக்கும் இரண்டாவது வரியில் ஒரு குழி காத்திருக்கிறது. 'ஒருவரும் இருந்ததில்லை எனக்கு' என்று அந்த வரி முடிகிறது. 'எனக்கு யாருமே இருந்ததில்லை' என்று ஒரு தனிமைப் புலம்பலாக அது ஒரு கணம் ஒலிக்கும். அடுத்த வரிக்கு வந்த பிறகுதான் 'எனக்கு' என்பது அடுத்த வாக்கியத்தின் முதல் சொல் என்று புரியும்.

இருபது வருடம் அச்சகத்தில் பக்கம் கட்டுகிற வேலை பார்த்தவள் நான். இந்த மாதிரி தப்பு யார் மேலும் கோபப்பட முடியாத தப்பு. கடைப் பையன் அடித்த எழுத்தில் பிழையில்லை. பெட்டிக்குள் வாக்கியத்தைக் கொட்டினால், அகலம் தீர்ந்த இடத்தில் கம்ப்யூட்டர் அடுத்த வரிக்குத் தள்ளிவிடும். அதற்கு அகலம் தெரியும், அர்த்தம் தெரியாது. புத்தகத்தில் இது பிரச்சினையே இல்லை. கண் ஓடிக்கொண்டே இருக்கும். போஸ்டரில் நான்கே வரி. ஒவ்வொரு வரியும் தனியாக நின்று ஒரு அர்த்தம் சொல்லும், நாம் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும்.

அண்ணன் மகளுக்கு உடனே போன் போட்டேன். "எழுத்துப்பிழை இல்லடி. வரிப்பிழை இருக்கு" என்றேன்.

முதலில் அவளை வாக்கியத்தை வாய்விட்டுப் படிக்கச் சொன்னேன். டீச்சர் எப்படிச் சொல்வாரோ அப்படி. எங்கே மூச்சு விடுகிறாள் என்று கேட்டுக்கொண்டிருந்தேன். 'இருந்ததில்லை' என்ற இடத்தில் பெரிய நிறுத்தம். 'என்று' சொன்னதும் ஒரு சின்னத் தயக்கம். 'தெரியாத' என்பதற்கு அப்புறம் இன்னொன்று. வரி உடைய வேண்டிய இடங்கள் அவைதான். பேனரில் முதல் இரண்டு வரிகள் உடைந்திருந்ததோ வேறு இடங்களில்.

தமிழில் இதற்கு ஒரு சுலபமான அடையாளம் இருக்கிறது. வரியின் கடைசிச் சொல் க், ச், த், ப் என்ற ஒற்றில் முடிகிறதா பாருங்கள். 'எனக்குச்' என்று முடிந்த அந்த வரியைப் போல. அந்த 'ச்' அங்கே வந்ததே அடுத்து 'சொல்ல' வருகிறது என்பதால்தான். அடுத்த சொல்லின் கையைப் பிடித்துக்கொண்டிருக்கும் சொல்லை வரி முனையில் நிறுத்தினால், கை அந்தரத்தில் நீண்டுகொண்டிருக்கும். சிலர் அந்த ஒற்றை அழித்துவிட்டு வரியை அப்படியே விட்டுவிடுவார்கள். அது அறிகுறியை மறைப்பது, நோயைத் தீர்ப்பதில்லை. சொல்லையே கீழே இறக்குவதுதான் சரி. ஒற்று இல்லாத இடமெல்லாம் உடைக்கத் தகுந்த இடம் என்று திருப்பிப் போட்டுப் புரிந்துகொள்ளாதீர்கள். 'என்' என்று ஒரு வரி முடிந்து 'வகுப்பில்' என்று அடுத்தது தொடங்கினால் அதுவும் கோரம்தான்.

இரண்டாவது அடையாளம், 'என்று'. மேற்கோள் வாசகங்களில் இந்தச் சொல் வராமல் இருக்காது. அதன் வேலையே, முன்னால் வந்தது யாரோ சொல்கிற பேச்சு என்று காட்டுவது. 'மக்குப் பிள்ளை' என்பது ஊர் சொல்கிற சொல், டீச்சர் சொல்வதில்லை. 'என்று' அடுத்த வரிக்குப் போய்விட்டால் அந்தப் பட்டம் டீச்சர் வாயிலிருந்து வந்ததாக ஆகிவிடுகிறது. ஆகவே 'என்று' எப்போதும் மேல் வரியிலேயே, தான் சுட்டும் சொல்லோடு ஒட்டியே இருக்க வேண்டும்.

மூன்றாவது, நம் மொழியின் குணம் ஒன்று. தமிழில் 'இல்லை' கடைசியில்தான் வரும். ஆங்கிலத்தில் 'நோ' என்று முதலிலேயே சொல்லிவிடுவார்கள். நாம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டு முடிவில் மறுப்போம். அதனால் எதிர்மறை வாக்கியத்தின் முதல் பாதியைத் தனியாகப் படித்தால் அது எப்போதும் உடன்பாடாகவே தெரியும். முதல் பாதியைப் பெரிதாக்கி, 'இல்லை' வருகிற வரியைச் சிறிதாக்குவது டீச்சரைப் பொய் சொல்ல வைப்பது.

இவ்வளவும் பார்த்து நாங்கள் முதலில் கட்டிய வடிவம் நான்கு வரி:

என் வகுப்பில் மக்குப் பிள்ளை என்று
ஒருவரும் இருந்ததில்லை;
எனக்குச் சொல்லத் தெரியாத
பாடங்கள்தான் இருந்தன.

அரைப்புள்ளியும் முற்றுப்புள்ளியும் திரும்ப வந்துவிட்டதைக் கவனித்தீர்களா? போஸ்டர் என்றாலே நிறுத்தக்குறிகளைத் தூக்கிவிடுகிற பழக்கம் ஒன்று இருக்கிறது. இரண்டு வாக்கியம் சேர்ந்து ஒன்றாக இருக்கும் இடத்தில் அந்த அரைப்புள்ளிதான் வேலி.

அடுத்த சோதனை அளவு. பேனர் ஆறடிக்கு நாலடி. டீச்சர் படம் இடது பக்கம் மூன்றில் ஒரு பங்கு. ஆக எழுத்துக்குக் கிடைப்பது நாலடி அகலம், அதாவது 48 அங்குலம். ஓரங்களுக்கு மூன்று மூன்று அங்குலம் விட்டால் 42. பெயர்ப்பலகை எழுதுகிறவர்கள் பத்தடி தூரத்துக்கு ஓர் அங்குல உயரம் என்று ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். பள்ளிக்கூட வாசலில் கட்டும் பேனரை ரோட்டின் எதிர்ப்பக்கம் நின்று படிக்க வேண்டுமென்றால் இருபத்தைந்து அடி என்று வைத்துக்கொள்ளலாம். எழுத்து இரண்டரை அங்குலம் வேண்டும். நம் எழுத்துகள் தோராயமாக உயரம் அளவுக்கே அகலமும் எடுத்துக்கொள்ளும். கொம்பும் காலும் சேர்ந்த 'சொ', 'தெ' போன்றவை இன்னும் அதிகம் கேட்கும். அப்படிப் பார்த்தால் 42 அங்குலத்தில் பதினாறு, பதினேழு எழுத்துக்கு மேல் இடமில்லை.

முதல் வரியை எண்ணிப் பாருங்கள். இடைவெளி சேர்த்து இருபதைத் தாண்டுகிறது. ஒன்று எழுத்தைச் சிறிதாக்க வேண்டும், இல்லாவிட்டால் இன்னொரு வரி கூட்ட வேண்டும். கூட்டினோம்:

என் வகுப்பில்
மக்குப் பிள்ளை என்று
ஒருவரும் இருந்ததில்லை;
எனக்குச் சொல்லத் தெரியாத
பாடங்கள்தான் இருந்தன.

"மக்குப் பிள்ளைன்னு தனி வரி வந்துடுச்சே அத்தே?" என்றாள். நல்ல கேள்வி. ஆனால் இப்போது 'என்று' கூடவே நிற்கிறது. அந்தச் சொல்லைப் படித்ததும் மனசு 'என்று... என்ன?' என்று கீழே இறங்கிவிடும். அதோடு 'மக்குப் பிள்ளை' என்ற இரண்டு சொல்லுக்கு மட்டும் ஒற்றை மேற்கோள் குறி போட்டோம். யாரோ வைத்த பட்டம் அது என்பது தெளிவாகிவிட்டது.

'தெரியாத' என்பதையும் 'பாடங்கள்' என்பதையும் பிரித்தது இலக்கணப்படி அவ்வளவு சுத்தமில்லை. ஒன்றோடு ஒன்று ஒட்டிய சொற்கள். வேண்டுமென்றேதான் விட்டேன். 'எனக்குச் சொல்லத் தெரியாத' என்று ஒரு டீச்சர் சொன்னதும் கேட்பவர் நிமிர்வார். அந்த இடத்தில் ஒரு நொடி நிறுத்தி, கீழ் வரியின் தலையில் 'பாடங்கள்தான்' என்று விழுந்தால் அந்தச் சொல்லுக்கு முழு எடை கிடைக்கிறது.

வரிகளுக்கு நடுவே இடைவெளியைத் தாராளமாக விடச் சொன்னேன். ஆங்கிலப் பெரிய எழுத்துகளுக்குக் கீழே ஒன்றும் தொங்காது. நமக்கு 'கு', 'ரு' எல்லாம் கீழே சுழிந்து இறங்கும். மேலே புள்ளியும் விசிறியும் ஏறும். வரிகளை நெருக்கினால் மேல் வரியின் சுழி கீழ் வரியின் புள்ளியை விழுங்கிவிடும். புள்ளி போனால் சொல்லே போயிற்று.

இனி, எதைப் பெரிதாக்குவது? கடைப் பையன் முதல் வரியைப் பெரிதாக்கினான். அவன் பேரில் தப்பில்லை, முதல் வரி என்றால் தலைப்பு என்று நினைத்திருப்பான். அண்ணன் மகளோ "மக்குங்கறதுதான அத்தே பளிச்சுனு இருக்கு?" என்றாள். பளிச்சென்று இருக்கிற சொல் வேறு, பேசுகிறவர் அழுத்திச் சொல்கிற சொல் வேறு.

அழுத்தம் எங்கே என்று கண்டுபிடிக்கத் தமிழில் அதிகம் தேட வேண்டியதில்லை. மொழியே குறித்துக் கொடுத்துவிடும். 'தான்' என்று ஒன்று இருக்கிறதே, அதற்கு வேறென்ன வேலை? 'ஏ'காரமும் அப்படியே: 'அதுவே', 'அவனே'. 'ஒருவரும்' என்பதில் உள்ள 'உம்' இன்னொன்று. நம் வாக்கியத்தில் 'தான்' எங்கே இருக்கிறது? பாடங்களில். குறை பிள்ளையிடம் இல்லை, பாடத்தைச் சொல்லிக்கொடுத்த விதத்தில் இருக்கிறது என்பதுதான் டீச்சரின் பேச்சு. ஆகவே கடைசி இரண்டு வரிக்கு மட்டும் தடித்த எழுத்து. மற்ற மூன்றும் அதே அளவில், சாதாரணமாக. ஒரு வாசகத்துக்கு ஓர் அழுத்தம் போதும். தடிப்பும் வேண்டும், நிறமும் வேண்டும், அடிக்கோடும் வேண்டும் என்றால் எல்லாரும் ஒரே நேரத்தில் கத்துகிற சந்தைக்கடை ஆகிவிடும்.

சாய்வெழுத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ஆங்கிலத்தில் மேற்கோளைச் சாய்த்துப் போடுவார்கள். அதற்கென்றே தனியாக வரைந்த எழுத்து அவர்களிடம் உண்டு. தமிழ் எழுத்துருக்களில் அப்படித் தனியாக வரைந்தது அரிது. நாம் சாய்வுப் பொத்தானை அழுத்தினால் கம்ப்யூட்டர் நேர் எழுத்தைப் பிடித்து ஒரு பக்கமாகத் தள்ளிவிடுகிறது, அவ்வளவுதான். தடித்த எழுத்திலும் இதே ஏமாற்று வேலை உண்டு. அந்த எழுத்துருவில் தடித்த வகை உண்மையிலேயே இல்லாவிட்டால், இருக்கிற கோட்டையே ஊதிப் பெரிதாக்கும். 'ண', 'ணை' போன்ற எழுத்துகளின் சுழிகள் அடைத்துக்கொண்டால் அது போலித் தடிப்பு என்று தெரிந்துகொள்ளலாம். எழுத்துக்கு எழுத்து இடைவெளி விட்டு அழகுபடுத்துவதும் நமக்கு ஆகாது. சில செயலிகளில் 'சொ' என்ற ஓர் எழுத்தே கொம்பு ஓரிடம், உடல் ஓரிடம், கால் ஓரிடமாகப் பிரிந்து நிற்கும்.

மணி பத்தரை ஆகிவிட்டது. பெயர் வரிக்கு வந்தோம்.

நம் ஊர் பேனர்களில் பெயர்ப் பஞ்சம் கிடையாது. மேலே தலைவர், கீழே வரிசையாகத் தட்டு போல முகங்கள், கடைசியில் 'இவண்'. வைத்தவர் பெயரைச் சொல்வது 'இவண்'. வாசகத்தைச் சொன்னவர் பெயர் வேறு. இரண்டும் ஒரே அளவில், ஒரே நிறத்தில் இருந்தால், வாசகத்துக்கு எது கிட்டத்தில் இருக்கிறதோ அதையே சொன்னவராகக் கண் எடுத்துக்கொள்ளும். படமும் அப்படித்தான். வாசகத்தின் பக்கத்தில் யார் முகம் இருக்கிறதோ அவர் பேசுவதாகவே தோன்றும்.

அதனால் டீச்சர் பெயரை வாசகத்தின் கடைசி வரிக்கு நேர் கீழே வைத்தோம். வாசகத்துக்கும் பெயருக்கும் நடுவே ஒரு வரி இடைவெளிக்கும் குறைவு. பெயருக்கும் 'இவண்' வரிக்கும் நடுவே அதைப் போல நான்கு மடங்கு. பெயரின் எழுத்து வாசகத்தில் பாதி அளவு. முன்னால் ஒரு சின்னக் கோடு. பெயருக்குக் கீழே இன்னும் சிறிதாக, 'பெற்றோர் கூட்டங்களில் சொல்வது' என்று ஒரு வரி. அந்த வரி எதற்கு என்று அவள் கேட்டாள். அது எங்கே சொன்னது என்று தெரிந்தால்தானே, டீச்சர் இதைப் பெருமைக்குப் பேசவில்லை, அழுதுகொண்டு வந்த ஓர் அம்மாவிடம் சொன்னார் என்பது புரியும்?

இன்னொரு சின்ன விஷயம். டீச்சர் பெயருக்கு முன்னால் இனிஷியல் இருக்கிறது. பெட்டி குறுகலாக இருந்தால் இனிஷியல் மேல் வரியிலும் பெயர் கீழ் வரியிலும் பிரிந்துவிடும். பெட்டியைக் கொஞ்சம் அகலமாக்கினால் சரியாகிவிடும். அழைப்பிதழ்களில் இந்தப் பிரிவினை நிறையப் பார்க்கிறேன்.

பேனரின் உச்சியில் ஒரு குறளும் இருந்தது. இல்லாமல் இருக்குமா? அரசு பஸ்ஸில் ஏறினால் உள்ளே குறள் எழுதிய பலகையைப் பார்த்தே வளர்ந்தவர்கள் நாம். கடையில் அதை மூன்று வரியாக உடைத்திருந்தார்கள். இங்கே மட்டும் நான் பிடிவாதமாக இருந்தேன். டீச்சர் பேசியது உரைநடை. அதை எங்கே உடைப்பது என்பது நம் பொறுப்பு. குறளை வள்ளுவரே உடைத்துக் கொடுத்துவிட்டார். ஏழு சீர், முதல் அடியில் நாலு, இரண்டாம் அடியில் மூன்று. பல குறள்களில் இரண்டு அடியின் தொடக்கச் சொற்களிலும் இரண்டாம் எழுத்து ஒன்றாக வரும், எதுகை. அந்த இரண்டு சொல்லும் ஒன்றன் கீழ் ஒன்று நின்றால்தான் அது கண்ணுக்குத் தெரியும். இடம் போதவில்லை என்றால் எழுத்தைச் சிறிதாக்குங்கள், அடியை உடைக்காதீர்கள். உடைத்தே தீர வேண்டும் என்றால், வழிந்த சீர்களை உள்ளே தள்ளி அச்சிட்டால் அது புது அடி இல்லை என்று தெரியும். சில பதிப்புகளில் சொல்லுக்குச் சொல் இடைவெளி இருக்காது, சீருக்குச் சீர்தான் இருக்கும். ஒரு சொல்லே இரண்டு சீராகப் பிரிந்தும் கிடக்கும். அதைத் தட்டச்சுப் பிழை என்று நினைத்துத் 'திருத்தி' விடுகிறவர்களும் உண்டு.

மூன்று அடி நீளத்தில் குறளைப் போட்டால் இரண்டாம் அடியின் வலது பக்கம் கொஞ்சம் காலியாக இருக்கும். பெயரை அங்கே நுழைக்கக் கை பரபரக்கும். அதற்கும் கீழே, தனி வரியில், 'திருக்குறள்' என்று எண்ணோடு போடுவது நல்லது. சந்தேகம் வந்தால் யாரும் எடுத்துப் பார்த்துக்கொள்ளலாம். உரையும் சேர்த்துப் போடுகிறவர்கள் குறள் முடிந்த இடத்திலேயே வள்ளுவர் பெயரை முடித்துவிட வேண்டும். குறள், அதன் கீழ் மு.வ. உரை, எல்லாவற்றுக்கும் கீழே 'திருவள்ளுவர்' என்று வைத்தால், வள்ளுவர் இருபதாம் நூற்றாண்டு உரைநடையில் பேசியதாக ஆகிறது. மு.வ.வுக்குச் சேர வேண்டியதும் சேரவில்லை.

தருமபுரிக்காரர்களுக்கு இன்னொரு வம்பு அவ்வையார். தருமபுரிதான் பழைய தகடூர். அதியமான் நெல்லிக்கனி கொடுத்த கதை இங்கே குழந்தைக்கும் தெரியும். புறநானூற்றின் 91ஆம் பாட்டு அதைப் பற்றியது. அதனால் பேனரில் ஆத்திசூடி வரி போட்டால் பக்கத்தில் அதியமான் கனி கொடுக்கும் படத்தையும் போட்டுவிடுகிறோம். ஆத்திசூடி பாடிய அவ்வையார் பல நூற்றாண்டுகள் பிந்தியவர் என்பது அறிஞர்கள் பெரும்பாலும் ஒப்புக்கொள்வது. ஒரே பெயர், வேறு ஆள். 'அவ்வையார்' என்று மட்டும் போட்டால் இந்தக் குழப்பம் தீராது. 'அவ்வையார், ஆத்திசூடி' என்று நூலின் பெயரையும் சேர்த்தால் பெயர் வரியே பதில் சொல்லிவிடும்.

நூல் பெயர், இடம், வருஷம் என்று எதையாவது சேர்த்து எழுத முயன்றால் இன்னொரு லாபமும் உண்டு. அப்துல் கலாம் சொன்னது என்று தினமும் காலையில் வருகிறதே, அதற்குக் கீழே எந்தப் புத்தகம், எந்தப் பேச்சு என்று எழுதப் பாருங்கள். கை நின்றுவிட்டால் போஸ்டரையும் நிறுத்திவிடலாம்.

எல்லாம் முடிந்தது என்று நினைத்தபோது அவள் மெதுவாக, "ஸ்டேட்டஸுக்கு மட்டும் சின்னதா, 'என் வகுப்பில் மக்குப் பிள்ளை என்று ஒருவரும் இல்லை'ன்னு போட்டுக்கவா?" என்று கேட்டாள். 'இருந்ததில்லை' என்பது 'இல்லை' ஆகிவிட்டது. டீச்சர் தன் மேல் போட்டுக்கொண்ட பாதி காணாமல் போய்விட்டது. மிச்சமிருப்பது தன் வகுப்பைப் பற்றி ஒரு டீச்சர் மார்தட்டுவது.

அவளுக்கு வாஷிங்டன் கதை சொன்னேன். அங்கே மார்ட்டின் லூதர் கிங் நினைவிடம் 2011இல் திறக்கப்பட்டது. 1968 பிப்ரவரியில் அட்லாண்டா தேவாலயத்தில் கிங் ஆற்றிய உரையிலிருந்து ஒரு வாசகத்தைக் கல்லில் பொறித்திருந்தார்கள். பேண்டு வாத்தியத்துக்கு முன்னால் கோலைச் சுழற்றிக்கொண்டு போவாரே, அந்தத் தலைவரோடு தன்னை ஒப்பிடும் பேச்சு. கிங் சொன்னது, 'என்னை அப்படிச் சொல்ல வேண்டுமென்றால், நீதிக்காக, சமாதானத்துக்காக முன்னால் போனவன் என்று சொல்லுங்கள்' என்கிற பொருளில். வடிவமைப்பின்போது வாசகங்களின் இடத்தை மாற்றினார்கள். புதிய பக்கத்தில் முழு வாசகத்துக்கு இடமில்லை. 'வேண்டுமென்றால்' என்பதைத் தூக்கிவிட்டு, நானே அந்தத் தலைவன் என்று அவர் சொல்வது போலச் சுருக்கிப் பொறித்துவிட்டார்கள். கவிஞர் மாயா ஏஞ்சலோ, இது கிங்கைத் தற்பெருமைக்காரர் ஆக்குகிறது என்று வெளிப்படையாகவே கோபப்பட்டார். கடைசியில் 2013இல் அந்த வாசகத்தைக் கல்லிலிருந்து செதுக்கி எடுத்தார்கள். இடப் பற்றாக்குறைக்காக ஒரு 'என்றால்'.

ஸ்டேட்டஸுக்கும் முழு வாக்கியமே போகட்டும் என்றாள் அவள். போனின் செங்குத்துத் திரையில் அந்த ஐந்து வரி அப்படியே கச்சிதமாக உட்காரும். நீளமான பேச்சில் நடுவே விட்டுத்தான் ஆக வேண்டும் என்றால், விட்ட இடத்தில் மூன்று புள்ளி வைக்க வேண்டும். 'இல்லை', 'என்றால்', 'போல' மாதிரி சொற்களை மட்டும் விடவே கூடாது.

கடைக்கு அனுப்பும்போது கவனிக்க வேண்டியது ஒன்று. நாம் போனில் அடிப்பது யூனிகோடு. பல கடைகளில் இன்றும் பழைய எழுத்துருக்களில்தான் டிசைன் செய்கிறார்கள். நீங்கள் அனுப்பியதை மாற்றிப் போடுவார்கள், அல்லது மறுபடி அடிப்பார்கள். நீங்கள் பார்த்துப் பார்த்து உடைத்த வரிகள் அதில் கரைந்துவிடும். அதனால் எழுத்தாகவும் அனுப்பினோம். ஒரு வெள்ளைத் தாளில் ஐந்து வரியாக எழுதி, போட்டோ எடுத்து, 'வரிகள் இப்படியே இருக்க வேண்டும்' என்று குறித்தும் அனுப்பினோம். பிரிண்டுக்கு முன்னால் வந்த படத்தை அவள் போனில் நகத்தளவுக்குச் சுருக்கிப் பார்த்தாள். அந்த அளவில் எது முதலில் கண்ணில் படுகிறதோ, அதுதான் ரோட்டிலிருந்து பார்ப்பவருக்கும் படும். 'பாடங்கள்தான் இருந்தன' என்று தெரிந்தது. சரி என்று சொல்லிவிட்டாள்.

விழா அறையில் புரொஜெக்டரில் போட ஒரு ஸ்லைடும் வேண்டும் என்றார்கள். திரை அகலமானது, ஐந்து வரி அங்கே ஒல்லியாக நடுவில் நிற்கும். முதலில் கட்டிய நான்கு வரி வடிவம் இங்கே பொருந்தியது. பவர்பாயிண்டில் ஒவ்வொரு வரி முடிவிலும் Enter அடித்தால் அது புதுப் பத்தி என்று எடுத்துக்கொண்டு நடுவில் கூடுதல் இடைவெளி விடலாம். Shift + Enter அடித்தால் ஒரே பத்திக்குள் வரி மட்டும் உடையும். அவள் லேப்டாப்பில் இருக்கும் எழுத்துரு பள்ளிக்கூட லேப்டாப்பில் இல்லாவிட்டால் வேறொன்று வந்து உட்கார்ந்து, அகலம் மாறி, வரி மறுபடி சரியும். Nirmala UI விண்டோஸிலேயே இருப்பது என்பதால் அதை வைத்துக்கொண்டாள். கூடவே பிடிஎஃப் ஒன்றும் எடுத்துப் பென்டிரைவில் போட்டுக்கொண்டாள்.

விழாவுக்கு நான் போகவில்லை. படம் வந்தது. டீச்சர் பேனர் முன்னால் நின்று வெகுநேரம் படித்தாராம். யாரும் ஒன்றும் பேசவில்லையாம். அப்புறம் திரும்பி, "அரைப்புள்ளி யாருடா வெச்சது?" என்று கேட்டாராம்.